காசு தராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளரோடு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வது: வடிவமைப்பாளர்கள் கேட்கும் கேள்விகள்

“தாறன் தாறன் எண்டு ரெண்டு மாசமா இழுக்கிறார். இண்டைக்கே ஒப்பந்தத்தை முறிச்சிட்டன் எண்டு சொல்லலாமா?”

பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அப்படிச் சொல்லக்கூடாது. இலங்கையில் ஒப்பந்தங்களுக்கு அடிப்படையாக இருப்பது உரோமன் டச்சுச் சட்டம். அதன்படி பணம் பிந்தியது என்ற ஒரே காரணம் ஒப்பந்தத்தை உடனே முறிக்கும் உரிமையை எப்போதும் தந்துவிடுவதில்லை. குறித்த நாளில் பணம் வராவிட்டால் உடன்படிக்கை முடிவுறும் என்று முன்பே எழுதி ஒப்புக்கொண்டிருந்தால் அது வேறு கதை. அப்படி எழுதாதவர், ஒரு கடைசித் தவணையைக் குறித்து, அதற்குள் பணம் வராவிட்டால் உடன்படிக்கையை முடிப்பேன் என்று முதலில் அறிவிக்க வேண்டும். அந்தத் தவணையும் தவறிய பிறகே முடித்துவிட்டதாக அறிவிக்கலாம். ஆகவே தேவைப்படுவது ஒரு கடிதமல்ல, இரண்டு.

கல்லடியில் இருந்து இந்தத் தொழிலைச் செய்யும் எனக்கு இது பட்டுத் தெரிந்த விடயம். பாசிக்குடாப் பக்கத்து விடுதி ஒன்றுக்கு லோகோ, உணவுப்பட்டியல், பெயர்ப்பலகை, 25 முகநூல் பதிவுகள் என்று 1,80,000 ரூபாய்க்கு வேலை எடுத்திருந்தேன். முற்பணம் 60,000 கிடைத்தது. லோகோவும் உணவுப்பட்டியலும் ஒப்புதலானதும் ஏப்ரல் 3ஆம் திகதி அடுத்த 60,000க்கு இன்வொய்ஸ் அனுப்பினேன். 14 நாள் கெடு ஏப்ரல் 17ஆம் திகதியோடு முடிந்தது. “வருசம் கழியட்டும் தம்பி” என்றார்கள். வருடப்பிறப்பு கழிந்து மே மாதமும் வந்துவிட்டது. கீழே வரும் பதில்களில் இந்தக் கணக்கையே உதாரணமாக எடுத்திருக்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல. தொகை பெரிதாக இருந்தால் இரண்டாவது கடிதத்தை அனுப்ப முன்னர் ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிடுங்கள்.

“எழுத்தில ஒண்டுமே இல்ல. வாட்ஸ்அப்பில கதைச்சதுதான். அதெல்லாம் ஒப்பந்தமா?”

ஆம். என்ன வேலை, எவ்வளவு பணம் என்பதில் இருவரும் உடன்பட்டிருந்தால் ஒப்பந்தம் உண்டு. முத்திரையும் சாட்சியும் இதற்குத் தேவையில்லை. மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போவதில்லை என்பதை 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் உறுதிப்படுத்துகிறது. நீங்கள் அனுப்பிய விலைமதிப்பும், அதற்கு அவர் “சரி, தொடங்குங்க” என்று போட்ட பதிலும், முற்பணம் வைப்பிலிட்ட வங்கிச் சிட்டையும் ஒன்றுசேர்ந்தால் நல்ல ஆதாரம்.

இதில் வழமையாகச் சறுக்குகிற இடம் குரல் பதிவுகளும் தொலைபேசி அழைப்புகளும். “போன்ல ஓம் எண்டவர்” என்பதைப் பின்னர் நிறுவுவது கடினம். ஓர் அழைப்பு முடிந்ததும் “இப்போது பேசியபடி, நிலுவை 60,000 ரூபாயை வெள்ளிக்கிழமை வைப்பிலிடுவதாகச் சொன்னீர்கள்” என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். அவர் மறுக்காமல் விட்டாலே அது பயன்படும். “ஓம்” என்று பதில் போட்டால் கடனை ஏற்றுக்கொண்டதற்கு அதைவிட எளிய சான்று கிடைக்காது. உரையாடல் முழுவதையும் ஏற்றுமதி செய்து, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். திரைப்பிடிப்புகளை மட்டும் நம்பினால், வெட்டி ஒட்டியது என்று எதிர்த்தரப்பு சொல்ல இடமுண்டு.

“எத்தனை நாள் தவணை குடுக்கிறது? கடிதத்தில என்னத்தை எழுதுறது?”

நியாயமான அவகாசம் என்பதுதான் அளவுகோல். ஏற்கனவே கெடு கடந்துபோன ஒரு தொகைக்கு 7 முதல் 14 நாள் கொடுப்பது வழமை. இரண்டு நாள் கொடுத்தால் அது நியாயமற்றது என்ற வாதத்துக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். உடன்படிக்கையில் முடிவுறுத்தலுக்கு 30 நாள் அறிவித்தல் என்று எழுதப்பட்டிருந்தால் அந்த 30 நாளையே பின்பற்றுங்கள். நான் மே 14ஆம் திகதி அனுப்பிய கடிதம் இப்படி இருந்தது:

“ஏப்ரல் 3ஆம் திகதிய 02ஆம் இலக்க இன்வொய்ஸின்படி ஏப்ரல் 17ஆம் திகதி செலுத்தப்பட வேண்டியிருந்த 60,000 ரூபாய் இன்றுவரை கிடைக்கவில்லை. இத்தொகை முழுவதையும் மே 24ஆம் திகதி பிற்பகல் 4 மணிக்கு முன்னர் கீழ்க்காணும் கணக்கில் வைப்பிலிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறின் நமக்கிடையிலான உடன்படிக்கையை நான் முடிவுறுத்துவேன். பணம் கிடைக்கும்வரை எஞ்சிய வேலைகளை இடைநிறுத்தியுள்ளேன்.”

இதில் தொகை, திகதி, தவறினால் நடப்பது ஆகிய மூன்றும் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். “மேலதிக நடவடிக்கை எடுக்க நேரிடும்” என்று எழுதுவது நம்மவர்களிடம் பழகிப்போன வாசகம். அது எதையும் முடிப்பதில்லை, முடிப்பேன் என்றும் சொல்வதில்லை. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாலகம் தரும் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அதே நாளில் அனுப்புங்கள். தபால் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் எடுக்கும் என்பதையும் தவணைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“தவணை ஓடிக்கொண்டிருக்கேக்குள்ள வேலையைச் செய்யணுமா, நிப்பாட்டலாமா?”

நிறுத்தலாம், ஆனால் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். ஒரு தரப்பு தான் செய்ய வேண்டியதைச் செய்யாதபோது, மறுதரப்பு தன் பங்கை நிறுத்திவைப்பதற்குச் சட்டம் இடமளிக்கிறது. மேலே உள்ள கடிதத்தின் கடைசி வரி அதற்காகத்தான். சொல்லாமல் நிறுத்தினால், வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர் நீங்கள் என்று கதை திரும்பிவிடும். எனக்குத் தெரிந்த இரண்டு பேருக்கு அப்படித்தான் நடந்தது. அதில் ஒருவர் கடைசியில் முற்பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

அச்சகங்களில் ‘ஓப்பன் பைல்’ என்று சொல்லும் மூலக் கோப்பை இந்தத் தவணைக் காலத்தில் அனுப்பாதீர்கள். பார்வைக்கு அனுப்பும் மாதிரிகளில் நீர்க்குறி இருக்கட்டும். வாடிக்கையாளர் சொன்னபடி நீங்களே அச்சகத்துக்கு நேரடியாகக் கோப்பு அனுப்பியிருந்தால், “இது இறுதிக் கோப்பு அல்ல, என்னுடைய உறுதிப்படுத்தல் கிடைக்கும்வரை அச்சிட வேண்டாம்” என்று அச்சகத்துக்கு எழுதுங்கள். வாடிக்கையாளர் காசு தரவில்லை என்ற விவரத்தை அங்கே அவிழ்க்க வேண்டியதில்லை.

“தவணைக்குள்ள 15,000 மட்டும் போட்டுட்டு, மிச்சம் பிறகு எண்டார். மறுகா என்ன செய்றது?”

வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அன்றைக்கே எழுதுங்கள். எனக்கும் இது நடந்தது. மே 20ஆம் திகதி 15,000 ரூபாய் வந்து விழுந்தது. “15,000 ரூபாய் கிடைத்தது, நன்றி. மீதி 45,000 ரூபாய்க்கு மே 24ஆம் திகதி என்ற தவணை மாறவில்லை” என்று அரை மணித்தியாலத்துக்குள் பதில் அனுப்பினேன். பேசாமல் இருந்திருந்தால், பகுதிப் பணத்தை ஏற்றுக்கொண்டதன் மூலம் தவணையை நான் நீடித்துவிட்டதாக அவர்கள் சொல்லியிருக்கலாம்.

இந்தச் சிறிய தொகைகள் பெரும்பாலும் கடிதத்தின் கூர்மையை மழுங்கடிப்பதற்காகவே வருகின்றன என்பது என் அனுபவம். உண்மையாகவே கஷ்டப்படுகிறவர் மீதியை எந்த நாளில் தருவார் என்பதையும் சேர்த்தே சொல்வார். அப்படிச் சொன்னால் புதிய திகதியை எழுத்தில் ஒப்புக்கொண்டு தவணையை நீடிப்பதில் தவறில்லை, ஒருமுறை மட்டும்.

“முறிச்சாச்சு எண்டு வைங்க. எவ்வளவு கேக்கலாம்? முழு ஒப்பந்தக் காசையுமா?”

பெரும்பாலானோர் பிழைவிடுவது இங்கேதான். என் விடயத்தில் மே 24 கடந்தது, பணம் வரவில்லை. மே 26ஆம் திகதி இரண்டாவது கடிதத்தை அனுப்பினேன்: “எனது மே 14ஆம் திகதிய கடிதத்தில் குறிப்பிட்ட தவணைக்குள் முழுத்தொகை செலுத்தப்படாமையால், உடன்படிக்கையை இன்றுடன் முடிவுறுத்துகிறேன். இன்றுவரை செய்யப்பட்ட வேலைகளுக்கான கணக்கு இணைக்கப்பட்டுள்ளது.”

அந்தக் கணக்கைப் பார்ப்போம். லோகோவுக்கு 60,000, உணவுப்பட்டியலுக்கு 45,000, பெயர்ப்பலகைக்கு 25,000, ஒரு பதிவு 2,000 ரூபாய்ப்படி 25 பதிவுகளுக்கு 50,000 என்று விலைமதிப்பில் பிரித்துக் காட்டியிருந்தேன். லோகோவும் உணவுப்பட்டியலும் முழுதாக முடிந்தவை, அதனால் 1,05,000. பெயர்ப்பலகையின் வரைவு போயிருந்தது, ஒப்புதல் வரவில்லை. அதற்குப் பாதியாக 12,500 எடுத்தேன். பதிவுகளில் 10 முடிந்திருந்தன, அது 20,000. எல்லாமாக 1,37,500. கையில் கிடைத்தது முற்பணம் 60,000, பின்னர் வந்த 15,000, மொத்தம் 75,000. ஆக நிலுவை 62,500 ரூபாய்.

இந்தத் தொகை இன்வொய்ஸில் மீதியிருந்த 45,000 அல்ல என்பதைக் கவனியுங்கள். இன்வொய்ஸுக்குப் பிறகு செய்த பதிவுகளும் பாதிப் பலகையும் அதில் இல்லை. மறுபக்கம், 1,80,000இலிருந்து 75,000ஐக் கழித்து 1,05,000 கேட்டால், செய்யாத வேலைக்கும் காசு கேட்பதாக ஆகிவிடும். இழந்த வருமானத்தை நட்டஈடாகக் கோர இடமிருந்தாலும் அதைத் தனியாக நிறுவ வேண்டும். இந்த அளவுத் தொகைக்கு நான் அந்தப் பாதையை எடுக்கமாட்டேன். விலைமதிப்பில் வேலைகளைப் பிரிக்காமல் ஒரே தொகை போட்டிருந்தவர்களுக்கு இந்தக் கணக்கே சண்டையாகிவிடும்.

“அவர் திருப்பிக் கேக்கிறார்: ‘முடிச்சது நீ, அப்ப முற்பணத்தைத் தா’ எண்டு.”

முற்பணம் வேலையின் விலையில் ஒரு பகுதி. முந்திய பதிலில் உள்ளதுபோல் செய்த வேலையின் பெறுமதி முற்பணத்தைவிடக் கூடுதலாக இருந்தால் திருப்பிக் கொடுக்க எதுவுமில்லை. அந்தக் கணக்கையே பதிலாக அனுப்புங்கள். 60,000 வாங்கி 20,000க்கு மட்டும் வேலை செய்திருந்தால், மீதி 40,000ஐத் திருப்பிக் கொடுப்பதே சரி. ‘முற்பணம் மீளளிக்கப்படமாட்டாது’ என்று இன்வொய்ஸின் அடியில் சிறிய எழுத்தில் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். வேலை தொடங்கும் முன்னர் வாடிக்கையாளர் அதற்கு உடன்பட்டிருக்க வேண்டும்.

“காசு தராமலே என்ர லோகோவைப் பலகையில போட்டு வச்சிருக்கார். எடு எண்டு சொல்லலாமா?”

சொல்லலாம், பலம் எவ்வளவு என்பது எழுத்தைப் பொறுத்தது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பு உருவான கணத்திலேயே பதிப்புரிமை பிறக்கிறது, பதிவு தேவையில்லை. சம்பளத்துக்கு வேலை செய்பவர் கடமையில் உருவாக்கியது தொழில்தருநருக்குப் போகும். ஆனால் நம்மைப்போல் சுயாதீனமாகச் செய்பவர்களின் படைப்பில் பொருளாதார உரிமைகளின் முதல் உரிமையாளர் படைத்தவரே. அவற்றை மாற்றிக் கொடுப்பதற்கு எழுத்தும் கையொப்பமும் வேண்டும்.

வாடிக்கையாளரின் பதில் என்னவாக இருக்கும் என்பதையும் யோசியுங்கள். “லோகோவுக்கு 60,000, நான் 75,000 கட்டியிருக்கிறன், அப்ப லோகோ என்ர” என்பார். என் விடயத்தில் அப்படியே சொன்னார்கள், அது முழுக்க அநியாயமான வாதமும் அல்ல. இதைத் தவிர்க்க, முழுத்தொகையும் செலுத்தப்பட்ட பின்னரே எந்த உருப்படியின் உரிமையும் கைமாறும் என்ற ஒரு வரியைத் தொடக்கத்திலேயே விலைமதிப்பில் சேர்த்துவிடுங்கள். அந்த வரி இல்லாத நான் லோகோவை விட்டுக்கொடுத்து, நீர்க்குறியில்லாத கோப்பு இன்னும் என்னிடமே இருந்த உணவுப்பட்டியலை வைத்துப் பேசினேன்.

“அவையின்ட முகநூல் பக்கமும் இணையத்தளமும் என்ர கையில. மூடிப்போட்டா ஓடி வருவினம்தானே?”

ஓடி வருவார்கள், பொலிஸுக்கும் ஓடுவார்கள். அந்தப் பக்கம் அவர்களுடைய சொத்து. நிர்வாகத்துக்காக மட்டுமே உங்களுக்கு நுழைவு தரப்பட்டது. உடன்படிக்கையை முடித்த பிறகு பழைய கடவுச்சொல்லைக் கொண்டு உள்ளே போய் எதையாவது அழிப்பது, அதிகாரமின்றி நுழைந்ததாக 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் கீழ் உங்களையே சந்தேகநபராக்கக்கூடும். காசு வரவேண்டியவர் என்ற நல்ல நிலையை ஒரு சொடுக்கில் இழப்பதற்கு இதைவிட விரைவான வழி கிடையாது.

இரண்டாவது கடிதம் போன அன்றே, அவர்கள் தரப்பில் ஒருவரை முழு நிர்வாகியாக்கி, உங்களை நீக்கிக்கொண்டு, அதன் திரைப்பிடிப்பை எடுத்து வையுங்கள். டொமைன் உங்கள் பெயரிலும் உங்கள் வங்கி அட்டையிலும் எடுக்கப்பட்டிருந்தால், அதற்கு நீங்கள் கட்டிய பணத்தைக் கணக்கில் தனி வரியாகச் சேர்த்து, மாற்றிக் கொடுப்பதற்கு ஒரு நாளைக் குறிப்பிடுங்கள்.

“பெயரைப் போட்டு முகநூலில எழுதினா?”

வேண்டாம். அவதூறுக்கு நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குத் தொடுக்கலாம். சொன்னது உண்மை என்பது மட்டும் அதற்குப் போதிய பதிலல்ல, பொதுநலனுக்காகச் சொன்னதையும் காட்ட வேண்டிவரும்.

“மத்தியஸ்த சபைக்குப் போறதா, நேரா வழக்குப் போடுறதா?”

62,500 ரூபாய் போன்ற தொகைக்குத் தெரிவு உங்களிடம் இல்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி, குறிப்பிட்ட எல்லைக்கு உட்பட்ட பணப் பிணக்குகள் முதலில் சபைக்கே போக வேண்டும். இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் வழக்கை ஏற்காது. அந்த எல்லை காலத்துக்குக் காலம் உயர்த்தப்பட்டு வந்திருக்கிறது. 5 லட்சத்துக்குக் குறைந்த தொகையானால் சபைக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பிரதேசத்தில் சபை எங்கே, எந்த நாளில் கூடுகிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம். பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைக் கட்டடம் ஒன்றில் கூடும். உங்களுக்காக அங்கே சட்டத்தரணி பேசமுடியாது. நீங்களேதான் பேச வேண்டும்.

மத்தியஸ்தர்கள் அநேகமாக ஓய்வுபெற்ற அதிபர், ஆசிரியர் போன்றவர்கள். மூலக் கோப்பு, நீர்க்குறி என்றெல்லாம் விளக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும். விலைமதிப்பு, இரண்டு கடிதங்கள், பதிவுத் தபால் சிட்டைகள், ஒற்றைப் பக்கக் கணக்கு, அச்செடுத்த உணவுப்பட்டியல் ஆகியவற்றை ஓர் உறையில் கொண்டு போனேன். அச்செடுத்த பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் “இது வேலை” என்ற எண்ணம் அவர்களுக்கு வந்தது. மூன்று தவணைகளில் 55,000 தருவதாக இணக்கம் எழுதப்பட்டது. 7,500 விட்டது நோகத்தான் செய்தது. நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அதைவிடக் கூடச் செலவாகியிருக்கும்.

“இப்ப வேண்டாம், அடுத்த வருசம் பாப்பம் எண்டு விட்டா?”

வழக்குத் தொடுக்கும் காலத்தை வரையறுக்கும் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில், எழுத்திலான ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, எழுத்தில் இல்லாததற்கு 3 ஆண்டு என்று இருக்கிறது. ஆனால் செய்த வேலைக்கான கூலிக் கோரிக்கைக்கு 1 ஆண்டு மட்டுமே. உங்கள் வாட்ஸ்அப் உடன்பாடு இவற்றில் எந்த வகைக்குள் விழும் என்பதை வாதாடித் தீர்மானிக்க வேண்டிவரும். ஆகவே பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டு என்று எண்ணி நடப்பதே பாதுகாப்பு.

“அவர் எங்கட மாமாவுக்கு வேண்டியவர். கடிதம் போட்டா வீட்டில பிரச்சினை வரும்.”

வரும்தான். மாமாவிடம் முதலில் நீங்களே சொல்லுங்கள். கடிதம் போன பிறகு அவர் வேறொருவர் வாயால் கேள்விப்படுவதுதான் உண்மையான பிரச்சினை. ஆனால் மாமாவைத் தூது அனுப்பினால், “அவர் சொன்னார், இவர் சொன்னார்” என்று தவணை கரைந்துவிடும். மாமா பேசட்டும், கடிதத்தில் உள்ள திகதி அப்படியே இருக்கட்டும்.

“முடிச்சிட்டன் எண்டு எழுதின பிறகு முழுக்காசோட வந்து ‘விட்ட இடத்தில இருந்து செய்’ எண்டா?”

முடித்ததாக ஒருமுறை அறிவித்துவிட்டால் அது முடிந்ததே. நீங்களோ அவரோ தனித்து அதை உயிர்ப்பிக்க முடியாது. நிலுவையை வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டுக் கொடுங்கள். மிச்ச வேலையைச் செய்ய விருப்பமென்றால் புதிய விலைமதிப்பு, புதிய நிபந்தனை, புதிய முற்பணம். இதனால்தான் இரண்டாவது கடிதத்தைக் கோபத்தில் அனுப்ப வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அந்த விடுதிக்காரர் பின்னர் பெயர்ப்பலகைக்காகத் திரும்பி வந்தார். 25,000 ரூபாயையும் முன்பணமாக வைத்தால் வரைகிறேன் என்றேன். அடுத்த நாள் காலையிலேயே வைப்பிலிட்ட சிட்டை வாட்ஸ்அப்பில் வந்தது.